லாபப் பங்கு தள்ளிப்போகிறது: பணம் போட்டவர்களுக்கு என்ன எழுதுவது, எப்படிச் செப்பனிடுவது

பழைய வண்ணாரப்பேட்டையில் சின்னச் சின்ன நிறுவனங்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். கணக்கு எழுதுகிறவரிடம் கடிதமும் எழுதித் தரச் சொல்வார்கள், அதிலும் ஒரு கஷ்டமான செய்தி சொல்ல வேண்டியிருந்தால் கட்டாயம் வந்துவிடுவார்கள். 2025 ஜூலை கடைசியில் திருவொற்றியூர்த் தம்பி ஒருவர் அப்படித்தான் வந்தார். அவர் பெயரையும் நிறுவனத்தின் பெயரையும் விட்டுவிட்டு, அந்தச் செய்தியை நாங்கள் உட்கார்ந்து சரி செய்த விதத்தை அப்படியே எழுதுகிறேன். முதல் தடவை இப்படி ஒரு செய்தி எழுதப் போகிறவர்களுக்கு இது உதவும்.

விஷயம் இதுதான். தம்பியிடம் 40 அடி ட்ரெய்லர் இரண்டு ஓடுகின்றன, மணலி, மாதவரம் பக்கத்து யார்டுகளுக்கும் துறைமுகத்துக்கும் இடையே கன்டெய்னர் ஏற்றுகிற வேலை. 12 பேர் தலா 4 லட்சம் போட்டு ஒரு எல்எல்பி, அதாவது வரையறுக்கப்பட்ட பொறுப்புள்ள கூட்டு நிறுவனம். காலாண்டு முடிந்த 30 நாளில் லாபப் பங்கு தர வேண்டும் என்று ஒப்பந்தம். ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கான பங்கு ஒருவருக்கு 12,000 ரூபாய், மொத்தம் 1,44,000. தர வேண்டிய தேதி ஜூலை 30. ஜூலை 25 அன்று வந்து, "அண்ணே, இதை மட்டும் கொஞ்சம் நல்ல தமிழாக்கிக் குடுங்க, அனுப்பிடறேன்" என்று செல்போனை நீட்டினார்.

> அனைவருக்கும் வணக்கம். துறைமுகத்தில் நிலவும் கடும் நெரிசல் மற்றும் சில தவிர்க்க முடியாத காரணங்களால் இந்தக் காலாண்டுக்கான தொகையை வழங்குவதில் சற்று தாமதம் ஏற்பட்டுள்ளது. நிலைமை சீரடைந்து வருகிறது. ஆடி முடிந்ததும் விரைவில் அனைவருக்கும் வழங்கப்படும். தங்கள் பொறுமைக்கும் ஒத்துழைப்புக்கும் நன்றி.

தமிழில் குறை ஒன்றும் இல்லை. ஆனால் இதைப் படித்தவருக்கு எவ்வளவு வரும், என்றைக்கு வரும், ஏன் வரவில்லை என்ற மூன்றில் ஒன்றுகூடத் தெரியாது. அதனால் எழுத்தைத் தொடுவதற்கு முன்னால் பாஸ்புக்கைக் கொண்டுவரச் சொன்னேன்.

முதலில் கணக்கு

புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் வார்த்தையிலிருந்து தொடங்குகிறார்கள். வங்கிக் கணக்கிலிருந்து தொடங்க வேண்டும், ஏனென்றால் தாமதத்தின் உண்மையான காரணம் எழுதுகிறவர் மனதில் ஒன்றாகவும் பாஸ்புக்கில் வேறாகவும் இருப்பது வழக்கம். ஒரு தாளில் மூன்றே வரி போதும்: இன்றைக்குக் கையில் எவ்வளவு, தொழில் ஓட எவ்வளவு நிறுத்த வேண்டும், தர வேண்டியது எவ்வளவு.

தம்பியின் கணக்கில் அன்று 62,000 இருந்தது. டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் எப்போதும் 50,000 கையில் நிற்க வேண்டும், அது இல்லாவிட்டால் அடுத்த வாரம் வண்டி நின்றுவிடும். ஆக, பங்கு கொடுக்க மிச்சம் 12,000 தான். தேவை 1,44,000. பற்றாக்குறை 1,32,000.

இப்போது, இந்த 1,32,000 எங்கே போனது என்று பாஸ்புக்கில் விரல் வைத்துத் தேடினோம். ஒரு வாடிக்கையாளர் மே 12 தேதியிட்ட 2,60,000 ரூபாய் பில்லை இன்னும் தரவில்லை. ஒரு வண்டிக்கு இன்ஜின் வேலை வந்து, ஜூலை 6 முதல் 24 வரை 19 நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றது, செலவு 1,85,000. மூன்றாவதாக, ஜூலை 3 அன்று ஒரு லட்சம் வெளியே போயிருந்தது. அது என்ன என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "மூணாவது வண்டி ஒண்ணு நல்ல விலைக்கு வந்துச்சு அண்ணே, முன்பணம் குடுத்துட்டேன்" என்றார்.

காரணங்களைச் சோதிக்க எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். ஒவ்வொரு காரணத்துக்கும் பக்கத்தில் ஒரு ரூபாயும் ஒரு தேதியும் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தால் அது காரணம். எழுத முடியவில்லை என்றால் அது செய்தியில் இருக்கக் கூடாது. துறைமுக நெரிசலுக்கு எதிரே என்ன எழுதுவது என்று தம்பி யோசித்துப் பார்த்தார், ஒன்றும் அகப்படவில்லை. நெரிசல் உண்மைதான், எண்ணூர் விரைவுச்சாலையில் ட்ரெய்லர்கள் வரிசையாக நிற்பதை நாம் எல்லோரும் பார்க்கிறோம். ஆனால் அது ஏப்ரலிலும் இருந்தது, அந்த முறை பங்கு சரியாகப் போனதே. அதோடு பணம் போட்டவர்களில் ஒருவருடைய மருமகன் அதே யார்டில் டிரைவர். காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் இருக்கிறவர்களிடம் கன்டெய்னர் வண்டியைப் பற்றிப் பொய்க் காரணம் சொன்னால் அன்று சாயங்காலமே டீக்கடையில் உடைந்துவிடும், அதன் பிறகு நீங்கள் சொல்லும் தேதியையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இங்கே இன்னொன்றும் புரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல்–ஜூனில் லாபம் இல்லை என்பது இங்கே பிரச்சினையே கிடையாது. லாபம் வந்தது, அதன் ஒரு பகுதி பில்லாகவே இருக்கிறது, கையில் இருந்த பணமோ ஜூலையில் வேறு பக்கம் போய்விட்டது. இன்ஜின் செலவுகூட அடுத்த காலாண்டின் செலவு. லாபம் குறைந்திருக்கிறதா, இல்லை லாபம் இருந்தும் பணம் வரவில்லையா என்ற இந்த வித்தியாசத்தைச் செய்தியில் சொல்லாமல் விட்டால், 12,000 என்பது 8,000 ஆகிவிட்டதோ, தொழிலே படுத்துவிட்டதோ என்று ஆளுக்கொன்று நினைப்பார்கள். தொகை குறையவில்லை, தேதிதான் மாறுகிறது என்பது உண்மையானால் அதை முதல் இரண்டு வரிக்குள் சொல்லிவிடுங்கள்.

நம் கையால் நடந்ததைச் சொல்வது

முன்பணத்தைச் செய்தியில் போட வேண்டாம் என்று தம்பி மன்றாடினார். "பில் வரலை, இன்ஜின் போச்சு, இது ரெண்டும் உண்மைதானே அண்ணே, பொய் சொல்லலையே?"

அதனால் கணக்கை இன்னொரு தடவை போட்டுக் காட்டினேன். அந்த ஒரு லட்சம் போகாமல் இருந்திருந்தால் கையில் 1,62,000 இருந்திருக்கும். 50,000 நிறுத்தினாலும் 1,12,000 கொடுத்திருக்கலாம், அதாவது ஆளுக்கு 9,000 ரூபாய்க்கு மேல். மூன்று காரணங்களில் தள்ளிவைக்க முடிந்தது இது ஒன்றுதான். இதை விட்டுவிட்டு மற்ற இரண்டை மட்டும் சொன்னால் ஒவ்வொரு வாக்கியமும் உண்மையாக இருக்கும், மொத்தச் செய்தி பொய்யாக இருக்கும். மூன்றாவது வண்டி வந்து நிற்கும் நாளில் 12 பேருக்கும் அது தெரியத்தான் போகிறது. தெரியும்போது அவர்கள் தேதியைப் பார்ப்பார்கள், ஜூலை 3 என்று இருக்கும்.

சட்டப்படியும் இதை மறைக்க இடமில்லை. எல்எல்பி சட்டம் 2008-இன் முதல் அட்டவணை, வேறு ஒப்பந்தம் இல்லாத இடத்தில், நிறுவனத்தைப் பாதிக்கிற எல்லாவற்றையும் பற்றிச் சரியான கணக்கும் முழுத் தகவலும் ஒவ்வொரு பங்குதாரரும் மற்றவருக்குத் தர வேண்டும் என்கிறது. இப்படிப் பெரிய தொகைக்கு வண்டி வாங்க மற்றவர்களின் சம்மதம் வேண்டும் என்று உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். இருந்தால், சம்மதம் வாங்காமல் கொடுத்ததையும் அதே செய்தியில் சொல்லிவிடுவது நல்லது. தம்பியின் ஒப்பந்தத்தில் ஐந்து லட்சத்துக்கு மேல்தான் கேட்க வேண்டும் என்று இருந்தது, வண்டி முழுவதுமாக வாங்கும்போது கட்டாயம் கேட்டாக வேண்டும்.

நம் தவறைச் சொல்கிற வாக்கியம் மூன்று துண்டாக இருந்தால் போதும்: என்ன செய்தேன், என்ன செய்திருக்க வேண்டும், இனி என்ன செய்ய மாட்டேன். மன்னிப்பு கேட்டு அரைப் பக்கம் எழுத வேண்டாம், படிக்கிறவருக்குச் சங்கடமாக இருக்கும், தேதி எங்கே என்று தேடுவார்.

தேதியை எப்படிப் பிடிப்பது

இந்த இடத்தில்தான் கொஞ்சம் பொறுமையாக உட்கார வேண்டும். வாடிக்கையாளர் "ஆகஸ்ட் 5 போட்டுடறோம்" என்று சொல்லியிருந்தார், தம்பி அதை நம்பி ஆகஸ்ட் 6 என்று எழுதத் தயாராக இருந்தார். அடுத்தவர் வாயால் சொன்ன தேதியை நம் தேதியாக எழுதினால், அவர் தவறும்போது நாம் தவறியவர் ஆகிறோம்.

அதே வாடிக்கையாளர் கடைசி ஆறு பில்லுக்குப் பணம் தர எத்தனை நாள் எடுத்தார் என்று வங்கி அறிக்கையில் எண்ணினோம்: 58, 61, 67, 70, 82, 96. சராசரி 72 நாள். மே 12 முதல் ஜூலை 25 வரை ஏற்கெனவே 74 நாள் ஆகிவிட்டது, ஆக சராசரியை வைத்து எந்தத் தேதியும் சொல்ல முடியாது. பணம் தாமதமாகும் சமயத்தில் சராசரியைப் பார்க்காதீர்கள், மிக மெதுவாக வந்த பில்லைப் பாருங்கள். 96 நாள் என்றால் ஆகஸ்ட் 16.

சரி, அப்படியானால் ஆகஸ்ட் 20 என்று முழுத் தொகைக்கும் எழுதிவிடலாமா? தம்பி அதைத்தான் கேட்டார். நான் வேண்டாம் என்றேன். 96-ஐ விட மெதுவாக வராது என்று யார் சொன்னது? ஒரு தடவை தள்ளிப்போட்டதை எல்லோரும் பொறுப்பார்கள், இரண்டாவது தடவை தள்ளிப்போட்டால் பணத்தைத் திருப்பிக் கேட்பார்கள். அதனால் முதல் தேதி யாரையும் நம்பாமல் நம் காலிலேயே நிற்கிற தேதியாக இருக்க வேண்டும், தொகை சின்னதானாலும் பரவாயில்லை.

இரண்டு வண்டியும் ஓடினால் டீசல், பேட்டா, இஎம்ஐ எல்லாம் போக வாரத்துக்கு 18,000 நிற்கிறது. வண்டி அன்று காலைதான் ஒர்க்‌ஷாப்பிலிருந்து வெளியே வந்திருந்தது. ஜூலை 28 திங்கள் முதல் ஆகஸ்ட் 17 ஞாயிறு வரை மூன்று முழு வாரம், 54,000. அதில் ஆளுக்கு 4,000 வீதம் 48,000 கொடுக்கலாம், 6,000 மிஞ்சும். ஆகஸ்ட் 20 புதன், முதல் தவணை. வாடிக்கையாளர் பணம் தந்தாலும் தராவிட்டாலும் இது நடக்கும்.

மீதி 8,000-க்கு பில் பணம் வேண்டும். மிக மெதுவான கணக்கில் அது ஆகஸ்ட் 16, அதன் மேல் மூன்று வாரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாக விட்டு செப்டம்பர் 10 புதன் என்று வைத்தோம். அப்போதும் பில் வராவிட்டால்? அந்த மூன்று வாரத்தில் வண்டி ஓடி 54,000 வரும், முன்பு மிஞ்சிய 6,000-உம் சேர்ந்தால் 60,000, ஆளுக்கு 5,000. ஆக, மோசமான நிலையிலும் செப்டம்பர் 10 அன்று 5,000 உண்டு, 3,000 தான் பாக்கி நிற்கும். இதை எழுதலாமா என்று தம்பி தயங்கினார், "இப்பவே பயமுறுத்தற மாதிரி ஆகுமே" என்றார். எனக்கு நேர்மாறாகத் தோன்றியது. கெட்டது நடந்தாலும் இவ்வளவு வரும் என்று எண்ணோடு சொல்லிவிட்டால் படிக்கிறவர் தன் செலவைத் திட்டமிட முடியும், பயம் குறையும்.

ஒன்றை மட்டும் இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். உத்யம் என்ற அரசுப் பதிவு உள்ள சிறு நிறுவனத்தின் பில்லை வாங்குபவர் 45 நாளுக்குள் தீர்க்க வேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதா மாதம் கூட்டி, என்று 2006 எம்எஸ்எம்இ சட்டத்தில் இருக்கிறது. அதன்படி புகாரும் பதியலாம். வாடிக்கையாளருக்கு அதை நினைவூட்டி எழுத்தில் ஒரு கடிதம் போடச் சொன்னேன், போட்டார். ஆனால் புகார் போட்டு வருகிற பணம் செப்டம்பருக்கு உதவாது, அதனால் அட்டவணையில் அதற்கு இடமில்லை.

இப்போது எழுத்து

கணக்கு முடிந்த பிறகு எழுதப் பத்து நிமிஷம்தான் ஆனது. எழுதியதைத் தேய்த்து மெருகேற்றும்போது சில வார்த்தைகளைத் தேடிப் பிடித்து வெளியே எடுக்க வேண்டும்.

"தாமதம் ஏற்பட்டுள்ளது", "வழங்கப்படும்" போன்றவை முதலில். தமிழில் செய்தவரைச் சொல்லாமலே வாக்கியத்தை முடித்துவிட முடியும், அறிவிப்புப் பலகைக்கு அது சரி, பணம் போட்டவருக்கு எழுதும்போது ஆள் மறைந்துகொள்வது போல இருக்கும். "தர முடியவில்லை", "தருகிறேன்" என்று எழுதுங்கள். நான், நாங்கள், நாம் என்பதிலும் கவனம் வேண்டும். முன்பணம் கொடுத்தது தம்பி ஒருவர், ஆகவே "கொடுத்தேன்". "நாம் விரிவாக்கத்தில் இறங்கியிருக்கிறோம்" என்று எழுதினால், சம்மதமே கேட்கப்படாத 12 பேரையும் அந்த முடிவுக்குள் இழுத்துவிடுகிறோம்.

அடுத்து, தேதி போல ஒலிக்கிற, ஆனால் தேதி இல்லாத சொற்கள். விரைவில், கூடிய சீக்கிரம், ஓரிரு வாரத்தில், மாதக் கடைசியில், ஆடி முடிந்ததும். ஆடி முடிந்ததும் என்றால் ஆவணி ஒன்றா, ஆவணி முழுக்கவா? "20-க்குள்" என்பதும் சிக்கல்தான், ஒருவர் 12-ஆம் தேதியிலிருந்தே வங்கிக் கணக்கைப் பார்க்கத் தொடங்குவார், உங்களுக்கு 20 சாயங்காலம்வரை நேரம் இருக்கிறது என்று நீங்கள் நினைப்பீர்கள். "ஆகஸ்ட் 20, புதன் அன்று" என்று கிழமையோடு எழுதுங்கள். நெஃப்ட் 2019 டிசம்பரிலிருந்து 24 மணி நேரமும் விடுமுறை நாளிலும் ஓடுகிறது, ஆகவே விடுமுறையைக் காரணம் சொல்ல வேண்டி வராது. காசோலையாகக் கொடுக்கிற வழக்கம் என்றால் மட்டும் வங்கி நாள் பார்த்துத் தேதி வையுங்கள்.

மூன்றாவது, "வட்டி" என்ற சொல். நம் பக்கத்தில் மாதா மாதம் வருகிற எந்தப் பணத்தையும் வட்டி என்றே பேசுகிறோம். ஒப்பந்தத்தில் லாபப் பங்கு என்று இருந்தால் செய்தியிலும் லாபப் பங்கு என்றே இருக்கட்டும். ஒழுங்குமுறைப்படுத்தப்படாத வைப்புத் திட்டங்களைத் தடை செய்யும் 2019 சட்டம், எல்எல்பி பங்குதாரர் போடும் மூலதனத்தை வைப்புத்தொகையாகக் கொள்வதில்லை. அப்படிப்பட்ட மூலதனத்தை நீங்களே எழுத்தில் வட்டிக்கு வாங்கிய பணம் போலக் காட்டிவிடாதீர்கள். தாமதத்துக்கு ஈடாக "கூடுதலாக ஒரு சதவீதம் போட்டுத் தருகிறேன்" என்று உணர்ச்சிவசப்பட்டு எழுதுவதும் இதே வகைதான். உண்மையிலேயே நீங்கள் வாங்கியது நிலையான வட்டிக்குக் கடன் என்றால் இந்தக் கட்டுரை உங்களுக்குப் போதாது, செய்தி அனுப்புவதற்கு முன் ஆடிட்டரைப் பாருங்கள்.

வாடிக்கையாளரின் பெயரைப் போட வேண்டாம். வாட்ஸப்பில் போனது எங்கெல்லாம் போகும் என்று நமக்குத் தெரியாது, பில் பணம் வருவதற்கு முன்னால் அவரோடு சண்டை வந்தால் நட்டம் 12 பேருக்கும். பங்குதாரர் யாராவது நேரில் வந்து கேட்டால் பில்லைக் காட்டலாம், அது அவர்களின் உரிமை.

இதெல்லாம் எடுத்துவிட்டு எழுதியது இது:

> வணக்கம். ஜூலை 25, 2025.
>
> ஏப்ரல்–ஜூன் லாபப் பங்கு ஒருவருக்கு 12,000 ரூபாய். இதை ஜூலை 30 அன்று தர முடியவில்லை. தொகை குறையவில்லை, இரண்டு தவணையாகத் தருகிறேன்:
>
> ஆகஸ்ட் 20, புதன்: 4,000
> செப்டம்பர் 10, புதன்: மீதி 8,000
>
> காரணங்கள்: ஒரு வாடிக்கையாளர் மே 12 பில் 2,60,000 ரூபாயை இன்னும் தரவில்லை. ஒரு வண்டி இன்ஜின் வேலைக்காக 19 நாள் நின்றது, செலவு 1,85,000, இன்று முதல் ஓடுகிறது. மூன்றாவது வண்டிக்காக ஜூலை 3 அன்று 1,00,000 முன்பணம் கொடுத்தேன். அது என் முடிவு. உங்கள் பங்கை ஒதுக்கி வைத்த பிறகுதான் அதைக் கொடுத்திருக்க வேண்டும். உங்கள் பாக்கி தீரும்வரை அந்த வண்டிக்கு இனி ஒரு ரூபாயும் கொடுக்க மாட்டேன்.
>
> ஆகஸ்ட் தவணை வண்டி ஓடி வரும் பணத்திலிருந்து, அது பில்லை நம்பி இல்லை. செப்டம்பர் தவணைக்கு அந்த பில் பணம் வர வேண்டும். வராவிட்டால் செப்டம்பர் 4 அன்றே சொல்லிவிடுவேன், அப்போதும் 10-ஆம் தேதி 5,000 வரும், 3,000 பாக்கி நிற்கும்.
>
> கணக்குப் புத்தகத்தைப் பார்க்க விரும்பினால் எந்த நாளும் மாலை 6 மணிக்கு மேல் ஆபீஸுக்கு வாருங்கள்.

செல்போனில் ஒரு திரைக்குக் கொஞ்சம் அதிகமாக வருகிறது, அவ்வளவுதான் இருக்க வேண்டும். தேதியும் தொகையும் மேலே இருப்பதைக் கவனியுங்கள், காரணத்தை முதலில் எழுதினால் சாக்குப் போல ஒலிக்கும். செய்தியின் தேதி உள்ளேயே இருப்பதும் காரணமாகத்தான், மூன்று வாரம் கழித்து யாராவது இதை ஃபார்வர்டு செய்தால் எப்போது எழுதியது என்று தெரிய வேண்டும்.

அனுப்புவதற்கு முன்னால்

விஷயம் தெரியாத ஒருவரிடம் கொடுத்து ஒரே தடவை படிக்கச் சொல்லுங்கள். பிறகு போனை வாங்கிக்கொண்டு நான்கு கேள்வி கேளுங்கள்: எவ்வளவு, எப்போது, ஏன், தவறினால் என்ன? பார்க்காமல் சொல்ல முடிந்தால் செய்தி தெளிவு. காலடிப்பேட்டையில் டிபன் கடை வைத்திருக்கும் தம்பியின் அக்காவிடம் காட்டினோம். முதல் கேள்வியிலேயே அவர், "நாலாயிரம்தானாடா தர்றே? மீதி போச்சா?" என்றார். அதற்கு முந்தைய வடிவில் மொத்தம் 12,000 என்ற வரி காரணங்களுக்குக் கீழே இருந்தது. அதை மேலே ஏற்றி, "தொகை குறையவில்லை" என்பதைச் சேர்த்தது அக்கா படித்த பிறகுதான்.

யாருக்கு இந்தப் பணம் உடனே தேவை என்று உங்களுக்குத் தெரிந்திருக்கும். 12 பேரில் ஒருவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பெரியவர், மருந்துச் செலவு இதிலிருந்துதான். அவருக்குத் தம்பி முதலில் போன் செய்து பேசினார், பேசி முடித்த ஐந்தாவது நிமிஷம் எல்லோருக்கும் செய்தி போனது. இடைவெளி அதற்கு மேல் போகக் கூடாது, ஒருவருக்குக் காலையிலும் மற்றவருக்கு ராத்திரியும் தெரிந்தால் அதுவே தனிக் கதையாகிவிடும். சொந்தக்காரருக்கு ஒரு மாதிரி, வெளியாளுக்கு ஒரு மாதிரி எழுதவும் கூடாது. வாய்ஸ் மெசேஜ் மட்டும் அனுப்பினால் தேதியைத் திரும்பத் தேட முடியாது, எழுத்து கட்டாயம் வேண்டும், படிக்கச் சிரமப்படுகிறவர்களுக்கு அதையே வாசித்தும் அனுப்பலாம்.

எப்போது அனுப்புவது என்றால், தர முடியாது என்று உறுதியானதும். தம்பி 30-ஆம் தேதி ராத்திரி அனுப்பலாம் என்று இருந்தார். ஐந்து நாள் முன்னால் தெரிந்தால் ஒருவர் பள்ளிக் கட்டணத்துக்கு வேறு ஏற்பாடு செய்துகொள்ள முடியும். தவறிய பிறகு தெரிந்தால் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

அனுப்பிய பிறகு

அன்று ராத்திரியே ஏழு பேர் பதில் போட்டார்கள். இரண்டு பேர் சரி என்றார்கள். ஒருவர் முன்பணத்தைப் பற்றிக் கோபமாகக் கேட்டார், தம்பி விளக்கம் சொல்லத் தொடங்கியதை நிறுத்தி, "நீங்கள் சொல்வது சரி, நாளை மாலை ஆபீஸில் இருப்பேன், வாருங்கள்" என்று மட்டும் எழுதச் சொன்னேன். இன்னொருவர் போட்ட 4 லட்சத்தையே திரும்பக் கேட்டார். விலகுவதற்கு ஒப்பந்தத்தில் மூன்று மாத அறிவிப்பு என்று இருந்ததால் அந்தப் பத்தியைப் படம் எடுத்து அவருக்குத் தனியாக அனுப்பினோம், அவசரத்தில் எந்த வாக்கும் கொடுக்கவில்லை. தனிப் பேச்சில் ஏதாவது புதுத் தகவல் சொல்ல நேர்ந்தால் அதை மறுநாள் எல்லோருக்கும் சொல்லிவிட வேண்டும் என்பதில் மட்டும் உறுதியாக இருந்தோம்.

ஆகஸ்ட் 20 காலை 11 மணிக்கு 12 பேருக்கும் 4,000 போனது. போன உடனே ஒரு வரி: "ஆகஸ்ட் 20, முதல் தவணை 4,000 அனுப்பிவிட்டேன். பாக்கி 8,000, செப்டம்பர் 10, புதன்." கேட்கும்வரை காத்திருக்காமல் பாக்கியையும் அடுத்த தேதியையும் சேர்த்தே சொல்லிவிடுவது.

பில் பணம் ஆகஸ்ட் 19 அன்றுதான் வந்திருந்தது, 99-ஆம் நாள். ஆறு பில்லில் மிக மெதுவானதை விடவும் மூன்று நாள் தாமதம். கையில் பணம் இருக்கிறதே, 20-ஆம் தேதியே முழுவதும் கொடுத்துவிடலாமே என்று தம்பி கேட்டார். பின் டயர்கள் தேய்ந்திருந்தன, அந்தச் செலவு முடிந்து பார்க்கலாம் என்று காத்திருந்தோம். டயர் மாற்றிய பிறகும் பணம் நின்றது. செப்டம்பர் 10 காலை 8,000 போனது, கூடவே இந்த வரியும்: "ஏப்ரல்–ஜூன் பங்கு 12,000 முழுவதும் தீர்ந்தது. ஜூலை–செப்டம்பர் கணக்கு அக்டோபர் 15 அன்று அனுப்புகிறேன். மூன்றாவது வண்டி வாங்கலாமா என்று அன்று உங்களைக் கேட்பேன்."